சர்வர் கேட்டவருக்குப் பூஜ்யம்

கார்டு எண்ணைக் கொடுத்தாயிற்று. வங்கி அனுப்பிய ஓ.டி.பி.யையும் தட்டியாயிற்று. அமேசான் வெப் சர்வீசஸில் புதுக் கணக்கு திறந்துவிட்டது. வீடியோ வேலைக்காகக் கிராபிக்ஸ் சிப் பொருத்திய ஒரு சர்வரை மும்பை டேட்டா சென்டரிலிருந்து வாடகைக்கு எடுக்க நினைக்கிறார் கணக்கின் சொந்தக்காரர். வகையைத் தேர்ந்தெடுத்து, ‘Launch instance’ பொத்தானை அழுத்துகிறார். சில நொடிகளில் சிவப்புப் பட்டையில் பதில் வருகிறது.

```
VcpuLimitExceeded: You have requested more vCPU capacity
than your current vCPU limit of 0 allows for the instance
bucket that the specified instance type belongs to.
```

உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பூஜ்யம் என்பதுதான் இதன் சாரம். பணம் கட்டத் தயாராக இருப்பவருக்கு, வாடகைக்கு விடுவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் இப்படிச் சொல்வது முதலில் யாருக்கும் புரியாது. கார்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து இன்னொரு கார்டைச் சேர்ப்பவர்கள் உண்டு. பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பவர்களும் உண்டு. சிலர் வேறு மின்னஞ்சல் முகவரியில் இன்னொரு கணக்கே திறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் மோசமான வழி அதுதான். ஒரே ஆள் அடுத்தடுத்துக் கணக்கு திறப்பது, இந்தத் தடைகள் யாரைத் தடுக்க வைக்கப்பட்டனவோ அவர்களின் நடத்தையோடு அப்படியே ஒத்துப்போகிறது.

புதுக் கணக்கில் சர்வர் கிளம்பாமல் போவதற்கு முக்கியமாக நான்கு காரணங்கள் இருக்கின்றன. கணக்கின் சரிபார்ப்பு முடியாமல் இருக்கலாம். கோட்டா போதாமல் இருக்கலாம். கோரிக்கைகள் மிக வேகமாகப் போயிருக்கலாம். அல்லது, அந்த இடத்தில் உண்மையிலேயே இயந்திரம் காலி இல்லாமல் இருக்கலாம். திரையில் நான்கும் ஒரே மாதிரி சிவப்பாகத்தான் தெரியும். ஆனால் முதலாவதற்குப் பொறுமை மருந்து, இரண்டாவதற்கு விண்ணப்பம், மூன்றாவதற்கு நிதானம், நான்காவதற்கு இடத்தையோ வகையையோ மாற்றிப் பார்ப்பது. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்குப் பலிக்காது. எந்தத் தடை என்பதைப் பிழைச் செய்தியின் முதல் சொல்லே சொல்லிவிடும். அதைப் படிக்காமல் தாண்டிப் போவதில்தான் பலருக்கும் நாட்கள் வீணாகின்றன.

முதல் தடையின் பெயர் `PendingVerification`. கணக்கு இன்னும் சரிபார்க்கப்படுகிறது, அல்லது இந்தப் பிராந்தியத்தில் அதற்கு அனுமதி கொடுப்பது பரிசீலனையில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நான்கு மணி நேரம் வரை ஆகலாம் என்று செய்தியே சொல்லும். இந்தியாவில் கணக்கு திறக்கும்போது கார்டு நிஜமானதுதானா என்று பார்க்க அமேசான் 2 ரூபாய் எடுக்கிறது. அடையாள ஆவணமும் கேட்கிறது. ஆவணம் கேட்பதற்கு இங்கே சட்டப் பின்னணியும் உண்டு. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு போட்டது. கிளவுட் நிறுவனங்களும் சர்வர் வாடகைக்கு விடுபவர்களும், வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது அது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிறுவனத்துக்கே இதில் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. கிளவுட் சர்வருக்கு வாடகை முன்பணமாக வசூலிக்கப்படுவதில்லை. மாதம் முழுக்கப் பயன்படுத்திவிட்டு, அடுத்த மாதத் தொடக்கத்தில் பில் கட்டுவதுதான் வழக்கம். அப்படியானால் ஒவ்வொரு புதுக் கணக்கும் உண்மையில் ஒரு கடன். முகம் தெரியாத ஒருவருக்கு, நேற்றுக் கொடுத்த கார்டு எண்ணை மட்டும் நம்பி, எத்தனை இயந்திரங்களை ஒரு மாதத்துக்குக் கடனாகக் கொடுக்கலாம்? கோட்டா என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் முதல் கேள்வி இதுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

கடனைத் திருப்பித் தராதவர்கள் யார் என்பதும் மர்மமல்ல. திருடிய கார்டு எண்ணில் கணக்கு திறந்து, கிடைக்கிற அத்தனை சர்வர்களையும் கிளப்பி, கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள்தான். நாணயம் அவர்களுக்குப் போகிறது. பில் கார்டின் சொந்தக்காரருக்கோ கிளவுட் நிறுவனத்துக்கோ வந்து சேர்கிறது. இந்தத் தொழிலின் கணக்கு விபரீதமானது. இப்படி ஒரு டாலர் மதிப்புள்ள நாணயம் திரட்ட, பாதிக்கப்பட்டவருக்கு 53 டாலர் பில் விழுகிறது என்று சிஸ்டிக் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. பணம் தன்னுடையதல்ல என்பதால் திருடருக்கு 53 டாலரைப் பற்றி அக்கறையே இல்லை. 2023 ஜனவரியில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் ஆய்வுப் பிரிவான யூனிட் 42 வெளியிட்ட அறிக்கை இன்னும் திகைக்க வைத்தது. ஒரே கும்பல், ஹெரோகு, டோகிள்பாக்ஸ், கிட்ஹப் போன்ற தளங்களில் 1,30,000க்கும் மேற்பட்ட கணக்குகளைத் தானியங்கி முறையில் திறந்திருந்தது. அதற்கு முன்பே, 2022 நவம்பரில், மோசடியையும் முறைகேடான பயன்பாட்டையும் காரணம் காட்டி ஹெரோகு தன் இலவசத் திட்டத்தை மூடிவிட்டது. அதை நம்பியிருந்த மாணவர்களுக்கும் சிறு முயற்சிக்காரர்களுக்கும் அது உண்மையான இழப்பு.

கிராபிக்ஸ் சிப் உள்ள சர்வர்களுக்குப் புதுக் கணக்கில் பூஜ்யம் என்று போட்டிருப்பதன் காரணம் இப்போது புரியும். தோண்டுபவர்களுக்கு மிகவும் பிடித்தது அந்த வகைதான். வாடகை அதிகம், இயந்திரங்களும் குறைவு. கூகுள் கிளவுடும் இப்படித்தான். 300 டாலர் இலவசத் தொகையோடு வரும் அதன் முன்னோட்டக் கணக்கில் ஜிபியு சேர்க்க முடியாது. ஒரே நேரத்தில் எட்டு கோர்களுக்கு மேல் ஓட்ட முடியாது. கோட்டாவை உயர்த்தக் கேட்கவும் முடியாது. கட்டணக் கணக்காக மாற்றிய பிறகுதான் விண்ணப்பமே போடலாம்.

இரண்டாவது தடையான கோட்டாவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

அமேசான் தன் சர்வர் வாடகைச் சேவையை 2006இல் தொடங்கியது. பல ஆண்டுகள் அதன் பொது வரம்பு, ஒரு பிராந்தியத்துக்கு 20 சர்வர் என்று எண்ணிக்கைக் கணக்கில் இருந்தது. 2019இல் இது மாறியது. இப்போது சர்வர்களை எண்ணுவதில்லை, விசிபியுக்களைக் கூட்டுகிறார்கள். விசிபியு என்பது ஒரு சர்வருக்கு ஒதுக்கப்படும் கணிப்புத் திறனின் அலகு. பெரும்பாலான வகைகளில், நிஜமான சிப்பின் ஒரு கோர் இரண்டு விசிபியுவாகக் கணக்காகும். சாதாரண வகைகள் எல்லாம் சேர்ந்து ஒரு கோட்டா. ஜிபியு உள்ள G வகைக்குத் தனி, P வகைக்குத் தனி. விலை குறைந்த ‘ஸ்பாட்’ முறைக்கு இவற்றோடு சேராத வேறு கோட்டாக்கள். சாதாரண வகைகளுக்கு அமேசானின் ஆவணம் காட்டும் தொடக்க அளவு 5 விசிபியு. கணக்கின் பயன்பாட்டைப் பார்த்து நிறுவனமே இதை உயர்த்திக்கொண்டு போகும் என்பதால், பழைய கணக்கு வைத்திருக்கும் நண்பருக்கு எளிதாக நடப்பது புதியவருக்கு நடக்காது.

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முன் இணையத்தில் விற்பனை தொடங்க விரும்புகிறார்கள். வாடிக்கையாளர் பார்க்கும் பக்கங்களுக்கு `t3.medium` வகையில் இரண்டு சர்வர். சரக்கு, ஆர்டர் விவரங்களை வைக்கும் தரவுத்தளத்துக்கு `m5.large` வகையில் ஒன்று. மூன்று சர்வர்தானே, பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் இந்த மூன்றும் தலா இரண்டு விசிபியு. முதல் இரண்டுக்கு நான்கு போயிற்று. மூன்றாவதைச் சேர்த்தால் ஆறு. வரம்பு ஐந்து. மூன்றாவது சர்வர் கிளம்பாது.

சரி, சின்ன வகைக்கு மாறிவிடலாம் என்று `t3.micro` எடுத்தால் தப்பிக்கலாமா? முடியாது. நினைவகமும் வாடகையும்தான் அதில் குறைவு. அதற்கும் இரண்டு விசிபியுதான். கோட்டா வாடகையைப் பார்ப்பதில்லை. நிறுத்தி வைத்த சர்வர் இந்தக் கணக்கில் வராது என்பது இன்னொரு நுட்பம். இரவில் காசு மிச்சம் பிடிக்க ஒரு சர்வரை நிறுத்திவிட்டு, அந்த இடைவெளியில் சோதனைக்கென்று வேறொன்றைக் கிளப்பியிருந்தால், காலையில் பழைய சர்வர் எழுந்திருக்காது. நேற்று வரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று தேடுபவர்கள், தாங்களே இரவில் கிளப்பிய சோதனை சர்வரைச் சந்தேகிப்பதே இல்லை.

கடைக்காரர்கள் கேட்டு, கோட்டா எட்டாக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்று சர்வரும் ஓடுகின்றன, எல்லோருக்கும் நிம்மதி. உண்மையான ஆபத்து இனிமேல்தான் இருக்கிறது. கூட்டம் கூடினால் பக்க சர்வர்களைத் தானாகவே இரண்டிலிருந்து ஆறாக்கும்படி ‘ஆட்டோ ஸ்கேலிங்’ அமைத்திருக்கிறார்கள். ஆறு சர்வருக்குப் பன்னிரண்டு விசிபியு, தரவுத்தளத்துக்கு இரண்டு, மொத்தம் பதினான்கு. வரம்போ எட்டு. விற்பனை தொடங்கிய மாலையில் கூட்டம் ஏறும், மூன்றாவது பக்க சர்வர் கிளம்பும், நான்காவது கிளம்பாது. அப்போது சிவப்புப் பட்டை யார் திரையிலும் தோன்றாது, ஏனென்றால் பொத்தானை அழுத்தியது மனிதர் அல்ல. ஆட்டோ ஸ்கேலிங் குழுவின் ‘Activity’ பக்கத்தில் மட்டும் ‘Failed’ என்று வரிசையாகப் பதிவாகிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவதெல்லாம் இணையதளம் மெதுவாகிவிட்டது என்பது மட்டும்தான். வேண்டிய எண்ணிக்கை ஆறு என்றும் ஓடும் எண்ணிக்கை மூன்று என்றும் நின்றுவிட்டால், மென்பொருளைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

அப்படியானால் பதினான்கு கேட்டால் போதுமா? அதுவும் போதாது. மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றும்போது, பழைய சர்வர்களை அணைப்பதற்கு முன் புதியவற்றைக் கிளப்பி, அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே பழையவற்றை எடுக்கும் முறை இருக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் பக்க சர்வர்கள் இரட்டிப்பாகின்றன. ஆறு பழையவை, ஆறு புதியவை, ஒரு தரவுத்தளம் என்றால் இருபத்தாறு விசிபியு. கொஞ்சம் கைவசம் இருக்கட்டும் என்று 32 கேட்பது நியாயமான எண். கேட்க வேண்டியது உச்ச நாளின் மிக மோசமான பத்து நிமிடத்துக்குத் தேவைப்படும் அளவு. சாதாரண நாளின் தேவையை எழுதி அனுப்பினால், விற்பனை நாளன்று மறுபடியும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்க நேரும்.

எவ்வளவு அனுமதி இருக்கிறது என்று ஊகிக்கவே தேவையில்லை. ‘Service Quotas’ என்ற பக்கத்தில் பார்க்கலாம். அல்லது கட்டளையாகக் கேட்கலாம்:

```
aws service-quotas get-service-quota \
  --service-code ec2 --quota-code L-1216C47A \
  --region ap-south-1
```

`L-1216C47A` என்பது சாதாரண வகை சர்வர்களுக்கான கோட்டாவின் குறியீடு, `ap-south-1` மும்பை. பதிலில் `Value` என்ற இடத்தில் உள்ளதே உங்கள் வரம்பு. சர்வரைக் கிளப்பும் கட்டளையோடு `--dry-run` சேர்த்து முன்கூட்டியே சோதித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அந்தச் சோதனை, கட்டளை கொடுப்பவருக்கு அதற்கான உரிமை இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். கோட்டா இருக்கிறதா என்று பார்க்காது.

விண்ணப்பம் போடுவதும் அதே பக்கத்தில்தான். கட்டணம் இல்லை, காசு கொடுத்து வாங்கும் உதவித் திட்டமும் தேவையில்லை. சிறிய உயர்வுகள் தானாகவே அனுமதிக்கப்பட்டுவிடலாம். பெரியவை ஒரு மனிதரின் மேசைக்குப் போகும். அப்போது நிலை `CASE_OPENED` என்று மாறும். அந்த மனிதரிடம் விண்ணப்பதாரரைப் பற்றி எதுவும் இல்லை. கணக்கின் வயது, இதுவரை கட்டிய பில், விண்ணப்பத்தில் எழுதியிருப்பது, அவ்வளவுதான். ‘அவசரமாகத் தேவை’ என்று எழுதினால் அவருக்கு எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. ஜவுளிக்கடையாக இருந்தால் இப்படி எழுதலாம்: இன்ன தேதியில் பண்டிகை விற்பனை தொடங்குகிறது, இன்ன வகையில் ஆறு சர்வர், இன்ன வகையில் ஒன்று, பதிப்பு மாற்றும்போது இரட்டிப்பாகும் என்பதால் 26, கூடுதலாக ஆறு, மும்பை பிராந்தியம் மட்டும், இணையதள முகவரி இது. தோண்டுபவர்களால் இவ்வளவு தெளிவாக ஒரு கணக்கை எழுத முடியாது. அவர்களுக்கு எல்லாப் பிராந்தியத்திலும் எல்லாமே வேண்டும். நேர்மையான தேவைக்கு எப்போதும் ஒரு வடிவம் இருக்கும். அந்த வடிவத்தை எழுத்தில் காட்டுவதுதான் விண்ணப்பத்தின் வேலை.

இரண்டு இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, பிராந்தியம். கோட்டா ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் தனித்தனி. திரையின் மேல்மூலையில் வட வர்ஜீனியா இருப்பதைக் கவனிக்காமல் அங்கே உயர்வு வாங்கிவிட்டு, மும்பையில் கிளப்பினால் பழைய வரம்புதான் நிற்கும். மற்றொன்று, அலகு. ஜிபியு உள்ள `g4dn.xlarge` ஒன்று போதும் என்று நினைப்பவர், விண்ணப்பத்தில் 1 என்று எழுதுகிறார். ஒன்று கிடைத்தும் விடுகிறது. ஆனால் அந்த வகைக்கு நான்கு விசிபியு வேண்டும். சர்வர் மறுபடியும் கிளம்பாது. அனுமதி கிடைத்த பிறகும் அதே பிழை வருகிறதே என்று கோபப்படும் கடிதங்களில் கணிசமானவற்றுக்கு இந்த அலகுக் குழப்பமே காரணமாக இருக்கும். பெரிய ஜிபியு சர்வரான `p4d.24xlarge` ஒன்றே ஒன்று வேண்டுமென்றாலும் எழுத வேண்டிய எண் 96.

வரம்புகள் வெளியாட்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்தச் சேவைகளுக்கும் கோட்டா போட்டே ஓட்டுகின்றன. ஒரு சேவை கட்டுமீறி வளர்ந்து மற்றவற்றின் இயந்திரத்தைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. அந்த எண் தவறினால் என்ன ஆகும் என்பதை 2020 டிசம்பர் 14 அன்று உலகமே பார்த்தது. இந்திய நேரப்படி மாலை 5.16 முதல் 47 நிமிடங்களுக்கு ஜிமெயில், யூடியூப் உள்ளிட்ட கூகுள் சேவைகளில் யாராலும் உள்நுழைய முடியவில்லை. பயனர்களை அடையாளம் காணும் கூகுளின் உள்சேவை, அந்த ஆண்டு அக்டோபரில் புதிய கோட்டா அமைப்புக்கு மாற்றப்பட்டிருந்தது. பழைய அமைப்பின் சில பகுதிகள் அப்படியே விடப்பட்டு, அந்தச் சேவையின் பயன்பாடு பூஜ்யம் என்று தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தன. வரம்பை அமல்படுத்துவதற்கு இருந்த அவகாசம் முடிந்ததும், பயன்பாடே இல்லாத சேவைக்கு இவ்வளவு எதற்கு என்று தானியங்கி அமைப்பு அதன் கோட்டாவைக் குறைத்துவிட்டது. அந்தச் சேவையின் தரவுத்தளத்தால் புதிதாக எதையும் எழுத முடியாமல் போனது. இருந்த தரவு பழையதாகியது. யாரையும் அடையாளம் காண முடியவில்லை. இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. எண் ஒன்று தவறியது.

மூன்றாவது தடை வேகம் பற்றியது. அதன் பெயர் `RequestLimitExceeded`. கோட்டா ‘எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்கிறது. இது ‘எவ்வளவு விரைவாகக் கேட்கலாம்’ என்று சொல்கிறது. அமேசான் இதற்கு டோக்கன் பக்கெட் என்ற முறையைப் பயன்படுத்துகிறது. சின்னக் குழாயிலிருந்து சீராகத் தண்ணீர் விழும் ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். தொட்டி நிறைந்திருந்தால் சில குடங்களை மடமடவென்று மொள்ளலாம். அதற்குப் பிறகு குழாயின் வேகத்துக்குத்தான் கிடைக்கும். சர்வர் கிளப்பும் `RunInstances` கோரிக்கைக்கு அமேசானின் ஆவணம் காட்டும் தொட்டி அளவு ஐந்து. வினாடிக்கு இரண்டு நிரம்பும்.

ஜவுளிக்கடையின் நிரலாளர் எட்டு சர்வரைக் கிளப்ப ஒரு சின்ன நிரல் எழுதுகிறார். அது எட்டுக் கோரிக்கைகளை ஒரே கணத்தில் அனுப்புகிறது. ஐந்து உள்ளே போகும்; மூன்று திரும்பி வரும். எட்டு சர்வரையும் ஒரே கோரிக்கையில் எண்ணிக்கையாகக் கேட்டிருந்தால் ஒரு டோக்கன்தான் செலவாகியிருக்கும். சர்வர்களின் எண்ணிக்கைக்கென்று இருக்கும் இன்னொரு தொட்டி ஆயிரம் வரை கொள்ளும். எட்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

திரும்பி வந்த கோரிக்கையை உடனே மறுபடி அனுப்புவது, காலித் தொட்டியில் குடத்தை விடுவதுதான். ஒரு வினாடி, இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தற்செயலான வித்தியாசம் சேர்த்து அனுப்புவது நிரலாளர்களின் வழக்கம். வித்தியாசம் எதற்கென்றால், ஒன்றாகத் திருப்பி அனுப்பப்பட்டவை ஒன்றாகவே மறுபடி வந்து மோதாமல் இருக்க. அமேசானின் மென்பொருள் நூலகங்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. சர்வர் கிளப்பும் கோரிக்கையில் மட்டும் ஒரு கூடுதல் கவனம் தேவை. பதில் வராமல் இணைப்பு அறுந்துபோனால், சர்வர் கிளம்பியதா இல்லையா என்று தெரியாது. மறுபடி கேட்டால் இரண்டாகிவிடலாம், வாடகையும் இரண்டு. `ClientToken` என்ற அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பினால், அதே கோரிக்கை இரண்டாவது முறை போனாலும் புது சர்வர் பிறக்காது.

இந்தத் தொட்டி கணக்கு முழுவதற்கும் பொது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னணியில் ஓடும் கண்காணிப்பு நிரல் ஒன்று, சர்வர்களின் நிலையை இடைவிடாமல் விசாரித்துக்கொண்டிருந்தால், அதே பிராந்தியத்தில் திரையைத் திறந்து பார்க்கும் மனிதருக்கும் பிழை வரும். அவர் எதையும் வேகமாகச் செய்யவில்லை. அவருடைய பங்கையும் நிரல் மொண்டுவிட்டது. வேகத் தடை என்றால் காத்திருந்து கேட்டால் கிடைத்துவிடும். `VcpuLimitExceeded` வந்தபோது எத்தனை முறை மறுபடி கேட்டாலும் கிடைக்காது. இரண்டையும் பிரிக்காமல் எல்லாப் பிழைக்கும் மறுமுயற்சி என்று எழுதி வைத்த நிரல், கோட்டா முட்டிய இரவில் விடிய விடியக் கேட்டுக்கொண்டே இருந்து, வேகத் தடையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அப்போது பதிவேட்டில் கடைசியாகத் தெரிவது `RequestLimitExceeded` ஆக இருக்கும். உண்மையான காரணம் அதற்குப் பல பக்கம் மேலே புதைந்திருக்கும். பதிவேட்டைத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

சரிபார்ப்பு முடிந்தது, கோட்டா 32 கிடைத்தது, நிரலும் நிதானமாகக் கேட்கிறது. அப்போதும் சர்வர் கிளம்பாமல் போகலாம். `InsufficientInstanceCapacity` என்று வந்தால், கேட்ட வகையில், கேட்ட கட்டடத் தொகுதியில், அந்த நேரத்தில் காலி இயந்திரம் இல்லை. கோட்டா என்பது அனுமதி மட்டுமே. இயந்திரத்தை அது யாருக்கும் எடுத்துவைப்பதில்லை. இதில் கணக்கு புதியதா பழையதா என்ற பேதம் பெரும்பாலும் இல்லை. ஆனால் நெருக்கடி முற்றினால் அந்தப் பேதமும் வரும். 2020 மார்ச் கடைசியில், கொரோனா ஊரடங்கால் வீட்டிலிருந்து வேலை பெருகி மைக்ரோசாஃப்டின் கிளவுட் திணறியபோது, இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை கொடுப்பதற்காக இலவசச் சலுகைகளுக்குத் தற்காலிகக் கட்டுப்பாடு போடுவதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

இந்தத் தடைக்கு விண்ணப்பம் பயன்படாது. மும்பைப் பிராந்தியத்துக்குள் தனித்தனி மின்சாரமும் குளிரூட்டலும் கொண்ட மூன்று தொகுதிகள் இருக்கின்றன. ஒன்றில் இல்லாத வகை இன்னொன்றில் இருக்கலாம். தொகுதியைக் குறிப்பிடாமல் விட்டால், இருக்கும் இடத்தை அமேசானே தேர்ந்தெடுக்கும். `m5.large` இல்லையென்றால் அதற்கு இணையான `m6i.large` கிடைக்கிறதா என்று பார்க்கலாம். ஆட்டோ ஸ்கேலிங்கில் ஒரே வகையை மட்டும் எழுதாமல், ஒத்த திறனுள்ள நான்கைந்து வகைகளை எழுதி வைப்பது இன்னும் நல்லது. விற்பனை நாளன்று இல்லை என்ற பேச்சுக்கே இடமிருக்கக் கூடாது என்றால், ‘Capacity Reservation’ என்ற முன்பதிவு வசதி இருக்கிறது. பதிவான நிமிடத்திலிருந்து, சர்வரை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் முழு வாடகை ஓடும். முடிவு நேரம் குறிப்பிடாமல் பதிவு செய்திருந்தால், விற்பனை முடிந்ததும் அதை நாமே ரத்து செய்ய வேண்டும். அந்த முன்பதிவும் அதே விசிபியு கோட்டாவுக்குள்தான் கணக்காகும். ஆகவே ஜவுளிக்கடைக்காரர்கள் முதலில் போட வேண்டியது 32க்கான விண்ணப்பம். முன்பதிவு அதற்குப் பிறகு. கூட்டம் ஏறுவது போலச் செயற்கையாகச் சுமை ஏற்றி, ஆறு சர்வரும் கிளம்புகின்றனவா என்று பார்க்கும் ஒத்திகை மூன்றாவது. மூன்றையும் விற்பனைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே முடித்துக்கொண்டால், ஒத்திகையில் ‘Failed’ என்று ஒரு வரி வந்தாலும் அதைச் சரிசெய்யக் கையில் நாள் இருக்கும்.